மார்க்கெட், லிமிட், ஸ்டாப் லாஸ்: 300 பங்கை விற்க எந்த ஆர்டர்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருந்தார். "சார், மேட்டூர் திறந்தாச்சு. குறுவை நடவுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள 35,000 ரூபாய் வேணும். அப்பா காலமான பிறகு என் பேருக்கு மாறி வந்த 300 பங்கு டீமேட் கணக்கில் கிடக்கு. விற்கலாம்னு ஆப்பைத் திறந்தா மார்க்கெட், லிமிட், எஸ்.எல்., எஸ்.எல்.-எம் என்று நாலு காட்டுது. எதை அழுத்தணும்?"

இதே குழப்பத்தோடு இன்னும் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் கும்பகோணத்தில் ஆசிரியை. மாதாமாதம் ஒரு பெரிய நிறுவனத்தின் பங்கில் பத்து வாங்குகிறார். இன்னொருவர் திருவாரூரில் கடை வைத்திருப்பவர். வைத்திருக்கும் பங்கு விழுந்தால் தானாக விற்றுவிட ஏற்பாடு செய்ய முடியுமா என்கிறார். மூன்று பேருக்கும் ஒரே பதில் கிடையாது. அதனால் மன்னார்குடிக்காரரின் 300 பங்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆர்டரிலும் அது என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். விலைகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, நடைமுறை உண்மையானது.

## எதை வைத்து எடைபோடுவது

மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, இன்றைக்கே விற்றாக வேண்டுமா, இல்லை விற்காமல் போனாலும் பரவாயில்லையா? இரண்டு, இந்த விலைக்குக் கீழே கொடுக்கவே மாட்டேன் என்று ஒரு கோடு இருக்கிறதா? மூன்று, காலை 9:15-லிருந்து மதியம் 3:30 வரை சந்தை நடக்கும் நேரத்தில் உங்களால் போனைப் பார்க்க முடியுமா, இல்லை வயலிலோ வகுப்பிலோ கல்லாவிலோ இருப்பீர்களா?

தரகு, வரி இவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மார்க்கெட் போட்டாலும் லிமிட் போட்டாலும் பங்கு பரிவர்த்தனை வரி ஒன்றுதான். டெலிவரி எடுத்த பங்கை விற்றால் 0.1 சதவீதம். ஆர்டர் வகையால் ஏற்படும் செலவு, விற்ற பிறகு தரகர் அனுப்பும் ஒப்பந்தச் சீட்டில் தனி வரியாக வராது. அது விலைக்குள் ஒளிந்திருக்கும். அதைப் பார்க்க ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது.

## முதலில் டெப்த்தைத் திறந்து பாருங்கள்

ஆப்பில் பங்கின் பெயரைத் தொட்டதும் பெரிய எழுத்தில் ஒரு விலை தெரியும். மன்னார்குடிக்காரரின் பங்குக்கு அது 182.00 என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருபவர்கள் 300 பங்கை 182-ஆல் பெருக்கி 54,600 ரூபாய் கைக்கு வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். 182 என்பது கடைசியாக யாரோ ஒருவர் வாங்கி, யாரோ ஒருவர் விற்ற விலை. அது ஒரே ஒரு பங்காகக்கூட இருந்திருக்கலாம். அடுத்த பங்கை வாங்க இப்போது யார் நிற்கிறார்கள், எவ்வளவுக்கு நிற்கிறார்கள் என்பதை 'மார்க்கெட் டெப்த்' என்ற பகுதிதான் சொல்லும். இரண்டு பக்கமும் முதல் ஐந்து விலைகளை அது காட்டும்.

| வாங்குவோர் விலை | எத்தனை பங்கு | விற்போர் விலை | எத்தனை பங்கு |
|---|---|---|---|
| 181.60 | 40 | 182.40 | 30 |
| 181.20 | 60 | 183.00 | 80 |
| 180.50 | 50 | 183.75 | 120 |
| 179.00 | 100 | 185.00 | 150 |
| 177.50 | 200 | 186.00 | 100 |

இடது பக்கத்தை மேலிருந்து கீழே படியுங்கள். அதிக விலை கொடுப்பவர் முதலில் நிற்கிறார். அவருக்கு வேண்டியது 40 பங்குதான். அதற்கடுத்தவர்கள் படிப்படியாகக் குறைத்துக் கேட்கிறார்கள். ஒரே விலைக்கு இருவர் நின்றால் முன்னால் ஆர்டர் போட்டவருக்கு முதலிடம்.

இது ஆட்கள் குறைவாக வந்து போகும் பங்கு. ஆசிரியை வாங்கும் பெரிய பங்கின் டெப்த்தைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பங்கு நிற்கும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் சில பைசா இடைவெளிதான் இருக்கும். எந்த ஆர்டர் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்த வித்தியாசத்திலேயே கிடைத்துவிடும்.

இன்னொன்று, ஒரே பங்கு பெரும்பாலும் என்.எஸ்.இ., பி.எஸ்.இ. என்ற இரண்டு சந்தைகளிலும் இருக்கும். இரண்டின் டெப்த்தும் வேறு வேறு. எதில் ஆட்கள் அதிகமாக நிற்கிறார்களோ அங்கே விற்பது நல்லது. டீமேட்டில் இருக்கும் பங்கை எங்கே வேண்டுமானாலும் விற்கலாம். அங்கே வாங்கியதால் அங்கேயே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

## மார்க்கெட் ஆர்டர்: விற்பது உறுதி, விலை உறுதியில்லை

மார்க்கெட் ஆர்டரில் நீங்கள் விலை எதுவும் சொல்வதில்லை. எண்ணிக்கையை மட்டும் சொல்கிறீர்கள். எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களை மேலிருந்து ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டே போய், உங்கள் எண்ணிக்கை தீரும்வரை அது விற்கும்.

மேலே உள்ள டெப்த்தில் 300 பங்கை மார்க்கெட்டில் விற்றால் இப்படி நடக்கும்:

| விலை | விற்ற பங்கு | தொகை |
|---|---|---|
| 181.60 | 40 | 7,264 |
| 181.20 | 60 | 10,872 |
| 180.50 | 50 | 9,025 |
| 179.00 | 100 | 17,900 |
| 177.50 | 50 | 8,875 |
| மொத்தம் | 300 | 53,936 |

பெரிய எழுத்தில் தெரிந்த 182-ஐ நம்பிப் போட்ட கணக்கு 54,600. கைக்கு வந்தது 53,936. நடுவில் 664 ரூபாய் காணோம். இதே விற்பனைக்குப் பரிவர்த்தனை வரி 54 ரூபாய்தான். வரிக்கும் தரகுக்கும் ஒவ்வொரு ஆப்பாக ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இந்த 664-ஐக் கவனிப்பதே இல்லை. அந்த மறைசெலவு ஒப்பந்தச் சீட்டில் சராசரி விலை 179.79 என்று மட்டும் பதிவாகும். சந்தை இறங்கிவிட்டது போல என்று நாமும் விட்டுவிடுவோம்.

அழுத்துவதற்கும் நடப்பதற்கும் இடையே உள்ள நொடியில் டெப்த் மாறலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 179-க்கு நின்ற 100 பங்குக்காரர் அந்த நொடியில் விலகிக்கொண்டால் உங்கள் பங்கு இன்னும் கீழே போய் விற்கும். வரிசையில் ஆள் இல்லாதபோது பெரிய ஆர்டர் என்ன செய்யும் என்பதற்கு என்.எஸ்.இ.யிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2012 அக்டோபர் 5 அன்று ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறுதலாகப் போன விற்பனை ஆர்டர்கள், எதிரில் நின்ற வாங்குவோரை எல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு போனதில் நிஃப்டி சில நொடிகளில் சுமார் 900 புள்ளிகள் சரிந்தது. சிறிது நேரம் வர்த்தகமே நின்றது.

வயலுக்குப் போகிறவர்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் போனைக் கையில் எடுப்பார்கள். அந்த நேரத்தில் போடும் ஆர்டரை ஆப் வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் அனுப்பும். ராத்திரி போடும் மார்க்கெட் ஆர்டர்தான் எனக்குப் பிடிக்காத ஒன்று. காலையில் சந்தை எந்த விலையில் திறக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஆட்கள் குறைவான பங்கில் காலை முதல் சில நிமிடங்களுக்கு வரிசையும் சரியாக நிரம்பியிருக்காது. ராத்திரியில் போடுவதானால் லிமிட் போடுங்கள்.

மார்க்கெட் ஆர்டரே சரி என்று சொல்லும் இடமும் உண்டு. ஆசிரியை வாங்குவது 1,500 ரூபாய் பங்கில் பத்து. விற்போர் வரிசையில் முதல் ஆள் 1,500.20-க்கு எண்ணூறு பங்கோடு நிற்கிறார் என்றால், மார்க்கெட்டில் வாங்குவதால் அவருக்கு அதிகம் போவது மொத்தமே இரண்டு ரூபாய். அந்த இரண்டு ரூபாயை மிச்சம் பிடிக்க லிமிட் போட்டு, விலை மேலே போய், அந்த மாதம் வாங்காமலே விடுவது புத்திசாலித்தனம் இல்லை. இடைவேளையில் ஒரு நிமிடத்தில் மார்க்கெட் போட்டுவிட்டு வகுப்புக்குப் போகலாம்.

## லிமிட் ஆர்டர்: விலை உறுதி, விற்பது உறுதியில்லை

டெல்டாவில் கோடைப் பருத்தி போடுகிறவர்களுக்கு இது புதிதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மறைமுக ஏலம் முடிந்து விலை வாசிக்கிறார்கள். கட்டுப்படியாகாத விலை என்றால் விவசாயி ஒப்புக்கொள்ளாமல் பஞ்சை வைத்துக்கொள்ளலாம். லிமிட் ஆர்டரும் அதுதான். இதற்குக் குறைந்து கொடுக்க மாட்டேன் என்று விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறீர்கள். அந்த விலையோ அதைவிட நல்ல விலையோ வந்தால் விற்கும். வராவிட்டால் சரக்கு உங்களிடமே இருக்கும்.

'அதைவிட நல்ல விலையோ' என்பதை அழுத்திச் சொல்கிறேன். மன்னார்குடிக்காரர் 181.00-க்கு 300 பங்கை லிமிட்டில் போட்டால் முதல் 40 பங்கு 181.60-க்கும், அடுத்த 60 பங்கு 181.20-க்கும் உடனே போகும், 181-க்கு இல்லை. இதுவரை 18,136 ரூபாய். அதற்கடுத்தவர் 180.50 கேட்பதால் விற்பனை அங்கே நின்றுவிடும். மீதி 200 பங்கு விற்போர் வரிசையில் 181.00 என்ற விலையோடு முதல் ஆளாகப் போய் உட்காரும்.

இனி இரண்டு வழி. பகலில் யாராவது வந்து அந்த 200-ஐ 181-க்கு வாங்கினால் 36,200 சேர்ந்து மொத்தம் 54,336. மார்க்கெட்டில் விற்றதைவிட 400 ரூபாய் கூடுதல். யாரும் வராமல் 3:30 ஆகிவிட்டால் விற்காத 200 பங்குக்கான ஆர்டர் தானாக ரத்தாகிவிடும். மறுநாள் பங்கு 174-க்கு இறங்கி, வேறு வழியில்லாமல் அந்த விலைக்குக் கொடுத்தால் 34,800, மொத்தம் 52,936. மார்க்கெட்டில் விற்றதைவிட 1,000 ரூபாய் குறைவு. 400 ரூபாய்க்கு ஆசைப்பட்டு 1,000 போவதுதான் லிமிட் ஆர்டரின் மறைசெலவு.

இதற்கு மேல் சில்லறைச் செலவு ஒன்றும் உண்டு. டீமேட்டிலிருந்து பங்கு வெளியே போகும்போது எண்ணிக்கையைப் பார்க்காமல், ஒரு நிறுவனத்தின் பங்குக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிபி கட்டணம் பிடிப்பார்கள். 300-ஐயும் ஒரே நாளில் விற்றால் ஒரு முறை. நூறு இன்றைக்கு, இருநூறு நாளைக்கு என்றால் இரண்டு முறை. ஆர்டருக்கு இவ்வளவு என்று தரகு வாங்குபவரிடம் கணக்கு இருந்தால் அதுவும் மறுநாள் மறுபடி விழும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். லிமிட் விலையை எதிர்ப்பக்க வரிசைக்குள்ளேயே இறக்கி வைப்பது. 179.00-க்கு லிமிட் போட்டால், வரிசையில் அந்த விலைவரை நிற்கும் 250 பங்கும் உடனே விற்றுவிடும், ஒவ்வொருவர் கேட்ட விலைக்கே. 50 மட்டும் மீதி நிற்கும். மார்க்கெட்டின் வேகம் கிடைக்கிறது. ஆனால் நொடிநேரத்தில் வரிசை கலைந்தாலும் 179-க்குக் கீழே ஒரு பங்குகூடப் போகாது.

## ஸ்டாப் லாஸ் ஆர்டர்: காத்திருந்து விழிக்கும் ஆர்டர்

மேலே சொன்ன இரண்டும் இப்போதே வரிசைக்குப் போகிற ஆர்டர்கள். ஸ்டாப் லாஸ் அப்படி இல்லை. நீங்கள் சொல்லும் ஒரு விலையைச் சந்தை தொடும்வரை அது தூங்கும்; டெப்த்திலும் தெரியாது. அந்த விலைக்கு டிரிகர் என்று பெயர். தொட்டதும் விழித்து, மேலே பார்த்த இரண்டில் ஒன்றாக மாறிவிடும். திரையில் `SL-M` என்பது விழித்ததும் மார்க்கெட் ஆர்டராகும். `SL` என்பது விழித்ததும் லிமிட் ஆர்டராகும். அதனால் அதில் டிரிகர் ஒன்று, லிமிட் ஒன்று என்று இரண்டு விலை கேட்கும். `SL-M` எல்லா இடத்திலும் இருக்காது. பி.எஸ்.இ. 2023 அக்டோபரில் அதை நிறுத்திவிட்டது.

திருவாரூர்க் கடைக்காரர் இதே பங்கை 182-ல் வைத்திருக்கிறார், 170-க்குக் கீழே போனால் வெளியே வந்துவிட வேண்டும் என்று நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். `SL`-இல் டிரிகர் 170.00, லிமிட் 168.50 என்று கொடுக்கலாம். விலை 170-ஐத் தொட்டதும் 168.50 வரை கொடுக்கச் சம்மதம் என்ற லிமிட் ஆர்டர் வரிசைக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட வேண்டும். டிரிகரும் 170, லிமிட்டும் 170 என்று கொடுத்தால், விழித்துப் பார்க்கும்போது விலை 169.80-க்குப் போயிருக்கும், ஆர்டர் விற்காமல் மேலேயே நிற்கும்.

இங்கேதான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். 170-க்கு விற்க வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு `LIMIT`-ஐத் தேர்ந்தெடுத்து 170 என்று அடித்துவிடுவார்கள். விலை 182-ல் இருக்கும்போது 170-க்கு லிமிட் விற்பனை என்றால் '170 அல்லது அதைவிட நல்ல விலைக்கு இப்போதே கொடு' என்று பொருள். எதிரில் 181.60-க்கு ஆள் நிற்கிறார். அடுத்த நொடியே பங்கு போய்விடும். காப்பாற்றிக்கொள்ள நினைத்த பங்கு கையில் இல்லை. இறங்கினால் விற்க என்றால் ஸ்டாப் லாஸ். ஏறினால் விற்க என்றால் லிமிட். வாங்குவதற்கு இது அப்படியே தலைகீழ்: இறங்கினால் வாங்க லிமிட், ஏறினால் வாங்க ஸ்டாப். மாற்றிப் போட்டு ஸ்டாப்பில் 182-க்கு மேலே விற்பனை டிரிகர் கொடுத்தால் ஆர்டர் நிராகரிக்கப்படும். அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. லிமிட்டில் கீழே கொடுத்தால் நிராகரிக்காது, விற்றுவிடும்.

ஸ்டாப்பின் மறைசெலவு மூன்று இடத்தில் இருக்கிறது.

முதலாவது, ஒரே ஒரு வியாபாரம் போதும் அதை எழுப்ப. டிரிகர் பார்ப்பது கடைசியாக நடந்த விலையை. நம் டெப்த் போல ஆட்கள் குறைவான பங்கில் யாரோ ஒருவர் அவசரத்தில் மார்க்கெட்டில் விற்றால் விலை ஒரு நிமிடம் 169.90-க்குப் போய் மறுபடி 178-க்கு வந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் 300 பங்கும் விற்றிருக்கும். `SL-M`-ஆக இருந்தால் நீங்களே விலையை இன்னும் கீழே தள்ளியிருப்பீர்கள். அதனால் இப்படிப்பட்ட பங்கில் தினசரி ஏற்ற இறக்கத்துக்கு மிக அருகில் டிரிகர் வைப்பது வீண். கடந்த சில வாரங்களில் ஒரே நாளில் அது எவ்வளவு இறங்கி ஏறியிருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்து, அதற்கும் கீழே வையுங்கள்.

இரண்டாவது, ஆர்டர் அன்று மாலையோடு முடிந்துவிடும். இன்று போட்ட ஸ்டாப் நாளைக்கு இருக்காது. தினமும் காலையில் போட முடியாது என்றால் `GTT` என்ற வசதி பல ஆப்களில் இருக்கிறது. அது உங்கள் தரகர் தன் கணினியில் வைத்துக்கொள்ளும் குறிப்பு. எத்தனை நாள் செல்லும் என்பது தரகருக்குத் தரகர் மாறும். விலை தொட்டதும் பெரும்பாலும் ஒரு லிமிட் ஆர்டரைத்தான் அது அனுப்பும். கடைக்காரருக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் அனுப்பியதோடு அதன் வேலை முடிந்துவிடும். விற்றதா என்று பார்ப்பது நம் வேலை.

மூன்றாவதுதான் பெரியது. சந்தை மூடியிருக்கும்போது செய்தி வரும். மாலையில் மோசமான காலாண்டு முடிவு வருகிறது, மறுநாள் காலை பங்கு நேராக 160-ல் திறக்கிறது. 170-க்கும் 160-க்கும் நடுவில் ஒரு வியாபாரமும் நடக்கவில்லை. முந்தின ராத்திரியே டிரிகர் 170, லிமிட் 168.50 என்று போட்டு வைத்தவருடைய ஆர்டர் விழிக்கும், 168.50-க்கு வரிசையில் போய் நிற்கும், 160-க்கு விலை ஓடும்போது அதை யாரும் வாங்க மாட்டார்கள். `SL-M` வைத்தவருக்கு விற்கும், ஆனால் 160-க்கோ அதற்கும் கீழேயோ. '170-ல் ஸ்டாப் இருக்கு, அதற்கு மேல் நஷ்டம் வராது' என்று நினைத்தது இரண்டிலும் நடக்காது.

அதைவிட மோசமான நிலையைக் காவிரிக் கரையில் பலர் நேரில் பார்த்திருக்கிறார்கள். கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 மாலை பணம் எடுக்கக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. மறுநாள் காலை பங்கு 20 சதவீதம் இறங்கி லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டது. லோயர் சர்க்யூட் என்றால் அன்றைக்கு அதற்குக் கீழே விலை போகக் கூடாது என்ற எல்லை. அந்த விலையில் விற்போர் வரிசை நீண்டு நிற்கும், வாங்குவோர் பக்கம் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். ஸ்டாப் விழிக்கும், விழித்து, அந்த நீண்ட வரிசையின் கடைசியில் போய் நிற்கும். மார்க்கெட் ஆர்டரும் அதே வரிசையில்தான் நிற்கும். நவம்பர் 27-ல் அந்த வங்கி டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டபோது பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. வாங்குபவர் இல்லாத இடத்தில் எந்த ஆர்டர் வகையும் உதவாது. ஒரே பங்கில் எவ்வளவு பணத்தைப் போடுவது என்பதை இதனால்தான் ஆர்டர் போடுவதற்கு முன்னாலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

## பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்

| | மார்க்கெட் | லிமிட் | `SL` | `SL-M` |
|---|---|---|---|---|
| நீங்கள் கொடுப்பது | எண்ணிக்கை மட்டும் | ஒரு விலை | டிரிகர், லிமிட் இரண்டும் | டிரிகர் மட்டும் |
| எது உறுதி | எதிரில் ஆள் இருந்தால் விற்பனை | விலை | விற்றால் லிமிட்டுக்குக் கீழே போகாது | தொட்டதும் விற்கப் பார்க்கும் |
| எது உறுதியில்லை | விலை | விற்பனை | விற்பனை | விலை |
| மறைசெலவு | வரிசையில் கீழே இறங்கி விற்பது | விற்காமல் விட்டுப் பிறகு குறைவாக விற்பது | விலை தாண்டிக் குதித்தால் மாட்டிக்கொள்வது | ஒரு நிமிடச் சரிவில் குறைந்த விலைக்குப் போய்விடுவது |
| எங்கே பொருந்தும் | பெரிய பங்கு, சிறிய எண்ணிக்கை | ஆட்கள் குறைவான பங்கு, ராத்திரி ஆர்டர் | ஓரளவு ஆட்கள் வரும் பங்கைக் காப்பது | பெரிய பங்கில், எப்படியும் வெளியே வர வேண்டுமானால் |

## மன்னார்குடிக்காரர் என்ன செய்யலாம்

அவருக்கு வேண்டியது 35,000. 300 பங்கையும் விற்றால் வருவது 54,000-க்கு அருகில். ஆகவே எல்லாவற்றையும் ஒரே ஆர்டரில் போட வேண்டிய அவசியமே இல்லை. அவசரப் பணத்துக்கு ஒரு ஆர்டர், மீதிக்கு இன்னொன்று என்று பிரித்தால் இரண்டு வகையின் நன்மையும் கிடைக்கும்.

முதலில் 200 பங்கை 179.00-க்கு லிமிட். மேலே உள்ள டெப்த் அப்படியே இருந்தால் 40, 60, 50 என்று முதல் மூன்று வரியும், 179-ல் 50-ம் உடனே விற்கும். வருவது 7,264, 10,872, 9,025, 8,950, கூட்டினால் 36,111. வரி, தரகு, டிபி கட்டணம் எல்லாம் போனாலும் 35,000-க்கு மேல் நிற்கும்.

மீதி 100 பங்குக்கு 182.30-க்கு லிமிட். விற்போர் வரிசையில் முதல் ஆள் 182.40 கேட்கிறார், பத்துப் பைசா குறைத்துக் கேட்டால் நீங்கள் அவருக்கு முன்னால் வந்துவிடுவீர்கள். போனால் 18,230. போகாவிட்டால் இந்த நூறுக்கு எந்த அவசரமும் இல்லை, டீமேட்டிலேயே இருக்கட்டும். விற்றுவிடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே இரண்டரை மணிவாக்கில் ஆர்டரைத் திருத்தி விலையைக் கொஞ்சம் இறக்கலாம். அதே நாளில் போனால் டிபி கட்டணமும் ஒரு முறையோடு முடியும்.

எந்த நாளில் விற்பது என்பதையும் கவனிக்க வேண்டும். இன்று விற்றால் அடுத்த வேலை நாளில்தான் பணம் தரகுக் கணக்குக்கு வரும். அங்கிருந்து வங்கிக்கு மாற்றக் கோரிக்கை போட்ட பிறகு வங்கிக்கு வரும். வெள்ளிக்கிழமை நடவாளுக்குக் கூலி கொடுக்க வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை விற்றுவிடுவது நிம்மதி. வியாழன் வரை விட்டால் இழுபறியாகிவிடும். முதன்முறை விற்பவர் என்றால் பங்கை எடுக்க அனுமதி கொடுக்கும் படியும் இருக்கும். உங்கள் டீமேட் பங்கை வைத்திருக்கும் நிறுவனம் சி.டி.எஸ்.எல். ஆக இருந்தால் டிபின் என்ற எண்ணும் ஓடிபியும் கேட்கும். அந்த எண் கைவசம் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். காலை 9:15-க்குத் தேடினால் டெப்த் அதற்குள் மாறிவிடும்.

விற்பனை பட்டனை 9:15-க்கே அழுத்த வேண்டியதில்லை. பத்து மணிவாக்கில் வரிசை நிரம்பிய பிறகு, எத்தனை ஆள் எந்த விலைக்கு நிற்கிறார்கள் என்று மறுபடி பாருங்கள். 179 என்ற எண் இன்றைய டெப்த்துக்குப் போட்டது. விற்கும் நாளில் 200 பங்கு எந்த வரியில் தீர்கிறது என்று மேலிருந்து கூட்டிப் பார்த்து, அந்த வரியின் விலையை லிமிட்டாகக் கொடுங்கள். போட்ட பிறகு ஆர்டர் பக்கத்தில் `Complete` என்று வந்தால் முழுதும் விற்றது. `Open` என்று இருந்தால் பக்கத்தில் 150/200 என்பது போல எவ்வளவு போயிருக்கிறது என்றும் காட்டும். மீதி ஐம்பதுக்கு அங்கேயே விலையைத் திருத்தலாம்.